காப்பர் டி போட்ட பிறகு வயிற்று இழுப்பு, ரத்தக் கசிவு, நூல் கைக்குப் படவில்லை: எதற்காக டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: காப்பர் டி போட்டு ஆறு வாரம் ஆகிறது. அடிவயிறு அவ்வப்போது இழுக்கிறது, நடுநடுவே ரத்தம் கசிகிறது. நேற்று பார்த்தால் நூல் விரலில் படவே இல்லை. இது வழக்கமா, உடனே போகணுமா?

பதில்:

இழுப்பையும் கசிவையும் முதலில் சொல்லிவிடுகிறேன், அவை பெரும்பாலும் வழக்கமானவைதான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை தீட்டு கொஞ்சம் அதிகமாகவும் நீண்டும் வரும், இடையில் பழுப்பு நிறத்தில் கறை படும். இழுப்பு வந்து வந்து போகும், வலி மாத்திரைக்குக் கட்டுப்படும். விடாமல் வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அன்றே போங்கள். போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல்.

நூல் விஷயம் வேறு. வலி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது பிரசவமாகிப் பத்தாவது வாரம், பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது போட்டார்கள். போடும்போது சுருக்கென்று ஒரு வலி, இரண்டு நாள் இழுப்பு, அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனேன். கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்த நர்ஸ், நூல் தெரியவில்லை என்றார். நூல் சுருண்டு வாய்க்குள்ளேயே ஏறிக்கொள்வதுதான் அதிகம் நடப்பது. அதனால் சின்ன பிரஷ் ஒன்றை உள்ளே சுழற்றிப் பார்த்தார், வரவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. பால் கொடுக்கும்போது தீட்டு வராமலே இருக்கும் என்பதால், அதை நம்பி இந்தப் பரிசோதனையை விட்டுவிடக்கூடாது.

அடுத்து ஸ்கேன். கர்ப்பப்பைக்குள் காப்பர் டி இல்லை. "தெரியாமலே தீட்டோடு விழுந்திருக்கும், புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம்" என்றார்கள். விழுவது உண்டுதான். சுமார் இருபது பேரில் ஒருவருக்கு விழும், அதுவும் முதல் சில மாதங்களில்தான் அதிகம். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவின் வற்புறுத்தலால் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "விழுந்ததைக் கண்ணால் பார்த்தீங்களாம்மா?" இல்லை என்றதும் வயிறு, இடுப்பு முழுவதும் தெரியும்படி எக்ஸ்ரே எழுதினார்.

படத்தில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே வெள்ளையாகச் சாய்ந்த ஒரு டி. கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போயிருந்தது. எனக்கு வலியே இல்லை. அப்படியே விட்டால் தாமிரம் சுற்றியுள்ள குடலோடு ஒட்டுதலை உண்டாக்கும் என்பதால், லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள்.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இப்படி ஆகிறது. பால் கொடுக்கும்போதும், பிரசவமாகிச் சில மாதங்களுக்குள் போடும்போதும் அந்த வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஸ்கேனில் "இல்லை" என்றால் அது "விழுந்துவிட்டது" என்று அர்த்தமாகாது. எக்ஸ்ரேயிலும் இல்லை என்றால்தான் விழுந்தது உறுதி. ஸ்கேனில் சரியான இடத்தில் இருப்பது தெரிந்தால், நூல் தெரியாவிட்டாலும் அப்படியே விட்டு வைக்கலாம். எடுக்கும் நாளில்தான் கொஞ்சம் கூடுதல் வேலை.

உங்களுக்குப் பிரசவம் ஆனவுடனேயோ சிசேரியனின் போதோ போட்டிருந்தால், நூல் உள்ளேயே சுருண்டு இருப்பது சகஜம். அப்போதும் ஒரு ஸ்கேன் எடுத்து இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விரலில் நூல் படவில்லை என்று தோண்டித் தேட வேண்டாம். கர்ப்பப்பை வாய் சிலருக்கு மேலே பின்பக்கமாக இருக்கும், எட்டாது. நூலுக்குப் பதில் குச்சி முனை போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் பாதி இறங்கியிருக்கலாம். இழுக்காதீர்கள், உள்ளே தள்ளவும் செய்யாதீர்கள்.

எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை கருத்தடை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆணுறை பயன்படுத்துங்கள். கடந்த ஐந்து நாளுக்குள் உறவு இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவசர கருத்தடை மாத்திரை தேவைப்படலாம். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். காப்பர் டி இருக்கும்போது கரு தங்கினால் அது குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஒரு பக்க வலியோ, தோள்பட்டை வலியோ, மயக்கமோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

போகும்போது போட்ட தேதியும் வகையும் எழுதிய அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தீட்டு தேதியையும் முதலிலேயே கேட்பார்கள்.