மாத்திரை முடித்தும் மாதவிலக்கு வரவில்லை. கோளாறு மூளையிலா, கருப்பையிலா?

கேள்வி: எனக்கு 29 வயது. எட்டு மாதத்துக்கு முன்பு கரு கலைந்து, டி அண்ட் சி செய்தார்கள். அதன்பின் மாதவிலக்கே இல்லை. ஆனால் மாதாமாதம் இரண்டு மூன்று நாள் அடிவயிறு பிடித்து வலிக்கிறது. டாக்டர் மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோன் 10 மி.கி. மாத்திரையைப் பத்து நாள் கொடுத்தார். நிறுத்தி 15 நாள் ஆகியும் ஒரு சொட்டுகூட வரவில்லை. எஃப்.எஸ்.ஹெச். 6.1, ஈஸ்ட்ரடையால் 92, புரோலாக்டினும் தைராய்டும் சரியாக உள்ளன. "மூளையிலிருந்து வரும் கோளாறாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். எடுக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தேட வேண்டிய இடம் கருப்பை. முதலில் வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதவிலக்கு வராவிட்டாலும் உங்களுக்குக் கருமுட்டை வெளிவந்துகொண்டிருக்கலாம், அதனால் கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. கர்ப்பம் இல்லை என்று உறுதியானதும், கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்யும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

ஏன் கருப்பை என்று சொல்கிறேன் என்பதற்கு, நீங்கள் சாப்பிட்ட மாத்திரை எதைச் சோதிக்கிறது என்று தெரிய வேண்டும். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கிறது. கருமுட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் அதை உதிராமல் நிறுத்தி வைக்கிறது. புரோஜெஸ்ட்ரோன் சட்டென்று குறையும்போது சவ்வின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, சவ்வு உதிர்ந்து வெளியேறுகிறது. புரோஜெஸ்ட்ரோனைப் போல வேலை செய்யும் இந்த மாத்திரையைப் பத்து நாள் கொடுத்து நிறுத்துவது, இந்தக் கடைசிக் கட்டத்தை வெளியிலிருந்து நடத்திப் பார்ப்பதுதான். பெரும்பாலும் நிறுத்திய இரண்டு நாளிலிருந்து ஏழு நாளுக்குள் ரத்தப்போக்கு வரும், சிலருக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். வந்தால் ஈஸ்ட்ரோஜன் ஓரளவு இருக்கிறது, சவ்வு வளர்ந்திருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது, கருமுட்டை வெளிவராததுதான் குறை என்று எடுத்துக்கொள்கிறோம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் பெரும்பாலும் காண்பது இதைத்தான்.

வராவிட்டால் இரண்டு காரணங்களில் ஒன்று: உதிர்வதற்குச் சவ்வு வளரும் அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லை, அல்லது ஈஸ்ட்ரோஜன் இருந்தும் சவ்வோ வழியோ கெட்டிருக்கிறது. மாத்திரை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அதற்காகத்தான் அடுத்த படி ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனும் கொடுத்துப் பார்ப்போம். வழக்கமாக ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடையால் 2 மி.கி. தினமும் 21 நாள், அதன் கடைசிப் பத்து நாள் மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோன் 10 மி.கி. சேர்த்து, பிறகு இரண்டையும் நிறுத்துவது. (ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் இது கொடுக்கக் கூடாது.) அப்போது ரத்தம் வந்தால் கருப்பையில் குறையில்லை, ஈஸ்ட்ரோஜன்தான் இல்லை என்று பொருள். அப்போதும் வராவிட்டால் கருப்பையைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இந்தப் படியைத் தாண்டி நேரே மூளைக்குப் போய்விட்டார்கள்.

அப்படிப் போகக் காரணம், எஃப்.எஸ்.ஹெச். 6.1 என்ற எண்ணாக இருக்கும். சினைப்பை ஓய்ந்துபோனால், அதைத் தூண்ட மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்.-ஐக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே 40, 60 என்று வந்தால் கோளாறு சினைப்பையில். உங்களுக்கு அப்படியில்லை. ஆனால் 6 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போக முடியாது. எல்லாம் சரியாக உள்ள பெண்ணுக்கும் 6 வரும். கடுமையாக எடை குறைந்தோ, மன அழுத்தத்தாலோ மூளையின் கட்டளை அடங்கிப்போன பெண்ணுக்கும் 6 வரலாம். இருவரையும் பிரித்துக் காட்டுவது ஈஸ்ட்ரடையால். மூளையின் கட்டளை நின்றிருந்தால் அது 20, 30 பிகோகிராமுக்குக் கீழே கிடக்கும். உங்களுக்கு 92. சினைப்பைக்குக் கட்டளை வருகிறது, அது வேலையும் செய்கிறது. இவ்வளவு ஈஸ்ட்ரோஜன் இருந்தும் மாத்திரைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை என்றால், உள்ளே சவ்வு இல்லை, அல்லது வெளியே வர வழி இல்லை.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: அந்த ரத்தம் மாத்திரை தொடங்கும் முன் எடுத்ததுதானா? ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்போது எடுத்த எஃப்.எஸ்.ஹெச்., ஈஸ்ட்ரடையால் எண்களை நம்ப முடியாது. அப்படியானால் மாத்திரை நின்று சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மாதாமாதம் வரும் அந்த வலி. வலி வரும் தேதிகளைக் குறித்து வைத்திருந்தால் பாருங்கள். சுமார் 28 நாள் இடைவெளி இருந்தால், அடுத்த வலி வரவேண்டிய நாளுக்கு ஏழு நாள் முன்பு ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் பார்க்கச் சொல்லுங்கள். 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கருமுட்டை வெளிவந்திருக்கிறது. அதன்பின் மூளையையும் சினைப்பையையும் சந்தேகிக்க இடமே இல்லை.

டி அண்ட் சி-யின்போது சவ்வின் அடித்தளம்வரை சுரண்டப்பட்டால், முன்சுவரும் பின்சுவரும் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1948-இல் இதை விரிவாக எழுதிய மருத்துவரின் பெயரால் இதற்கு ஆஷர்மேன் நோய் என்று பெயர். ஒட்டு கருப்பை வாய்ப்பகுதியில் மட்டும் இருந்தால் உள்ளே சவ்வு வளர்ந்து உதிரும், ரத்தம் தேங்கும், வலிக்கும். உங்கள் கதை இதற்குப் பொருந்துகிறது. வலி இருக்கும் நாட்களில் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் எடுத்தால் தேங்கிய ரத்தம் தெரியலாம். தெரியாவிட்டால் ஒட்டு இல்லை என்று விட்டுவிடக் கூடாது, ஸ்கேனுக்கு மெல்லிய ஒட்டுகள் தப்பிவிடும். உறுதி செய்வது ஹிஸ்டரோஸ்கோப்பி: சில மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய்க் கேமராவைக் கருப்பை வாய் வழியே செலுத்தி, கண்ணால் பார்த்து, நுண்ணிய கத்தரியால் ஒட்டுகளை அப்போதே வெட்டி விடலாம். வாயில் மட்டும் ஒட்டு என்றால் வேலை எளிது. உட்குழி முழுதும் ஒட்டியிருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய வேண்டிவரும், பின்னர் சவ்வு வளர ஈஸ்ட்ரோஜன் கொடுப்பார்கள். சவ்விலிருந்து எடுக்கும் துணுக்கைக் காசநோய்க்கும் சோதிக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் சுரண்டாத கருப்பையிலும் இதே ஒட்டுகளை உண்டாக்குவது அது.

"இன்னொரு முறை டி அண்ட் சி செய்து சுத்தம் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கண்ணால் பார்க்காமல் மறுபடி சுரண்டுவது ஒட்டைக் கூட்டும். மாத்திரையை இன்னும் ஒரு கோர்ஸ் சாப்பிடுவதாலும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. காய்ச்சலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்போக்கோ, தாங்க முடியாத வலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எம்.ஆர்.ஐ. எப்போது தேவை? புரோலாக்டின் மிக உயர்ந்திருந்தால், மார்பில் பால் கசிந்தால், ஓயாத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைந்தால், அல்லது ஈஸ்ட்ரடையால் மிகக் குறைந்து எஃப்.எஸ்.ஹெச். உயராமல் இருந்தால். கரு கலைந்தபோது பெரிய ரத்தப்போக்கு ஏற்பட்டு ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அத்தகைய ரத்தப்போக்கில் பிட்யூட்டரி சேதமாவது உண்டு, ஆனால் அப்போது ஈஸ்ட்ரடையால் 92 இருக்காது.

டி அண்ட் சி செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டையும் திசுப் பரிசோதனை முடிவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒட்டு எடுத்தபின் பிள்ளை உண்டானால், முதல் செக்கப்பிலேயே இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாகப் பதியும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம், அதைப் பிரசவத்துக்கு முன்பே ஸ்கேனில் பார்த்து வைக்க வேண்டும்.