பிரெஞ்சு படித்தால் என்ன வேலை என்று கேட்ட கடலூர் அம்மாவுக்கு

பொண்ணு புதுச்சேரியில் பி.ஏ. பிரெஞ்சு சேரப்போகிறாள், டீச்சர் வேலையை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகம் பேர் அறியாத ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு பொருளுக்கு வைத்த பெயர் இன்னொரு மொழியில் அசிங்கமாகவோ தப்பாகவோ கேட்கிறதா என்று அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்வது.

உதாரணத்துக்கு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு 'பூ' என்று பெயர் வைத்து பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்ப நினைக்கிறார்கள். Poo என்று எழுதினால் ஆங்கிலத்தில் மலம். சரி, முருகனை Mourougane என்று எழுதும் நம்ம புதுச்சேரி வழக்கப்படி Pou என்று மாற்றினால், பிரெஞ்சில் அது பேன்! தலை எண்ணெய்க்கு இதைவிட மோசமான பெயர் கிடைக்காது. Pu என்று சுருக்கினால் 'நாறுகிறது' என்ற சொல்லின் உச்சரிப்பு அப்படியே வந்துவிடும். ஆக எழுத்தை மாற்றிச் சமாளிக்க வழியில்லை, பெயரையே விட வேண்டியதுதான். டொயோட்டா எம்ஆர்2 காரின் பெயரும் பிரெஞ்சுக்காரர் வாயில் ஒரு வசவு மாதிரி ஒலித்ததால், பிரான்ஸில் 2ஐ எடுத்துவிட்டு எம்ஆர் என்றே விற்றார்கள்.

இதை அகராதி பார்த்து மட்டும் செய்ய முடியாது, தெருப் பேச்சு அதில் முழுசாக இருக்காது. முதலில் ஆங்கில எழுத்தில் பெயரை எப்படி எழுதப்போகிறார்கள் என்பதை முடிவாக வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்தந்த நாட்டிலேயே வசிக்கிற, வெவ்வேறு வயதுள்ள மூன்று நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும், சேர்த்து உட்கார வைத்தால் கெட்ட வார்த்தையைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். என்ன பொருள் என்று சொல்லாமல் எழுத்தைக் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, என்ன ஞாபகம் வருகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகுதான் பொருளைச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். பேன் என்பது பிஸ்கட்டுக்கும் நல்லதல்ல, ஆனால் தலை எண்ணெய்க்கு அதுவே முடிவு. கடைசியில் தரும் அறிக்கையில் 'விட்டுவிடுங்கள்', 'இந்த நாட்டுக்கு மட்டும் வேறு பெயர்', 'தடையில்லை' என்று தெளிவாக எழுத வேண்டும்.

இதெல்லாம் டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே நடக்க வேண்டும். சாஷே அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செய்கிறார்கள், அதற்குப் பிறகு பெயரை மாற்றினால் பெயர் வரும் சிலிண்டர்களை மறுபடி செய்ய வேண்டும், அடித்த ஃபிலிமும் குப்பைக்குத்தான்.

இதை மட்டும் நம்பி மாதச் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள், அம்மா. மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் வழியாக அவ்வப்போது வரும் வேலை இது, மொழிபெயர்ப்போடு சேர்த்தால்தான் வருமானம் நிற்கும். பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் இடத்தில் உங்கள் பொண்ணு உட்கார முடியாது. ஆனால் தமிழ்ப் பக்கத்துக்கு அவளே தாய்மொழிக்காரி, பிரெஞ்சுக்காரர் சொல்வதைப் புரிந்து இங்குள்ள முதலாளிக்கு விளக்கவும் அவளால் முடியும். அதற்கு டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 அளவாவது வேண்டும், பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸில் டிகிரியோடு சேர்த்தே படிக்கலாம். ஏனாம், மாஹே பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் பழகச் சொல்லுங்கள், தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் கேட்க ஆள் வேண்டும். முதல் வருஷத்திலேயே உள்ளூர் சோப்பு, ஊதுபத்திப் பெயர் ஒன்றை எடுத்து இப்படி ஒரு பக்க அறிக்கை எழுதி வைக்கட்டும், வேலை கேட்டுப் போகும்போது காட்டலாம்.