எலும்புச் சாறு ஏன் கலங்குகிறது? – கேள்வி பதில்

பாலக்கோடு: ஒரு கிலோ நல்லி எலும்பு போட்டேன். சாறு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

தீதான் காரணம். கிலோவுக்கு மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் ஏற்றுங்கள். மெல்லச் சூடேறும்போது எலும்பிலும் ஒட்டிய சதையிலும் உள்ள புரதம் தண்ணீரில் இறங்கி, திரண்டு, சாம்பல் நிற நுரையாக மிதக்கும். முதல் அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகராதீர்கள். தட்டைக் கரண்டியால் ஓரத்திலிருந்து வழித்துக்கொண்டே இருங்கள். நுரை வெளுத்துக் குறைந்த பிறகுதான் மிளகு, சின்ன வெங்காயம், இஞ்சி. முன்பே போட்டால் நுரையோடு அவையும் கரண்டியில் வந்துவிடும்.

அப்புறம் நான்கு மணி நேரம், குமிழி ஒன்றிரண்டாக எழுந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் மிச்ச நுரை தூளாகும், கொழுப்பும் நுண்துளியாகச் சாற்றில் கலந்துவிடும். துணியில் வடித்தாலும் அது போகாது. மூடியை ஓரமாகத் திறந்து வையுங்கள். கிளறவே வேண்டாம்.

அரூர்: நுரையை எடுத்தால் சத்து போய்விடுமே?

போகும் புரதம் கொஞ்சம்தான். ஆறியதும் சாறு உறைகிறதே, அந்தப் பசை சாற்றிலேயே இருக்கிறது.

காவேரிப்பட்டினம்: என் மாமியார் குக்கரில் எட்டு விசில் விடுவார். அதிலும் கலங்காது என்கிறார்.

எட்டு விசிலில் கட்டாயம் கலங்கும். குக்கர் இதற்கு ஆகாது.

ஓசூர்: குறுக்கிடுகிறேன். குக்கரைக் குறை சொல்லாதீர்கள், விசில்தான் கெடுக்கிறது.

நீங்கள் சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். அழுத்தம் ஒரே சீராக இருக்கும்வரை உள்ளே தண்ணீர் கொதிக்காது. விசில் வரும்போது அழுத்தம் சட்டென்று இறங்குவதால்தான் பொங்குகிறது. மூடாமல் நுரையை எடுத்துவிட்டு மூடுங்கள். முதல் விசில் வரும் சமயத்தில் தீயைக் குறைத்து, விசில் வராமல் முக்கால் மணி நேரம். ஆவி தானாக அடங்கட்டும்.

ஊத்தங்கரை: இருந்தாலும் குக்கர் சாற்றில் வாசம் கம்மி.

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆவி வெளியே போகாததால் வாசம் உள்ளேயே நிற்கிறது என்றுதான் படுகிறது. ஓசூர்காரரும் நீங்களும் ஒரே எலும்பைப் பாதிப் பாதியாக வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

பென்னாகரம்: போர் தண்ணீரில் வைக்கலாமா?

வேண்டாம். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தூர்: களிக்கு ஊற்றிக்கொள்ள எவ்வளவு தேங்காய் அரைக்க வேண்டும்?

அது குழம்பு. இங்கே தேங்காய்க்கு வேலையில்லை.

தொப்பூர்: எனக்கும் கலங்குகிறது, ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள். தீ.

காரிமங்கலம்: ஏற்கெனவே கலங்கிய சாற்றை என்ன செய்வது?

ஆறவைத்து மேலே உறைந்த கொழுப்பை எடுங்கள். லிட்டருக்கு இரண்டு முட்டை வெள்ளைக்கருவை லேசாக அடித்து, குளிர்ந்த சாற்றில் கலந்து, கிளறியபடி சூடேற்றுங்கள். வெள்ளைக்கரு திரளத் தொடங்கியதும் கிளறுவதை நிறுத்துங்கள். சிம்மில் இருபது நிமிடம் வைத்தால் கலங்கலை இழுத்துக்கொண்டு ஆடையாக மேலே நிற்கும். ஆடையை ஓரத்தில் விலக்கி, அடியிலிருந்து மொண்டு நனைத்த வேட்டித் துணியில் வடியுங்கள். துணியைப் பிழிந்தால் மறுபடி கலங்கும். சுவை கொஞ்சம் குறையும், உப்பை அதன் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.