லொறி பாலத்தின் நடுவில் நிற்கும்போதுதானே கர்டரில் வளைவுத் திருப்பம் உச்சம்?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டப் பாதையில் 12 மீட்டர் பாலம், இரு முனையிலும் தாங்கிகளின் மேல் சும்மா வைத்தது. கொழுந்து லொறியின் பின் சில்லு நடுவில் நின்றால்தானே வளைவுத் திருப்பம் உச்சம்?

பதில்: இல்லை, பின் சில்லு நடுவை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே. ஒரு கர்டருக்கு வரும் பங்கு பின் சில்லில் 40, முன் சில்லில் 20 கிலோநியூட்டன், இடைவெளி 4.5 மீட்டர் என்று வைப்போம். மொத்தச் சுமை 60. இரு சுமையும் சேர்ந்த விளைவு விசை பின் சில்லிலிருந்து 20 × 4.5 / 60 = 1.5 மீட்டர் முன்னால் விழும். பின் சில்லுக்கும் இந்த விளைவு விசைக்கும் சரிபாதியில் பாலத்தின் நடுப்புள்ளி வரும்படி லொறியை நிறுத்துங்கள். அப்போது பின் சில்லு இடது முனையிலிருந்து 5.25 மீட்டரில், விளைவு விசை 6.75 மீட்டரில்.

இடது தாங்கியின் எதிர்வினை 60 × 5.25 / 12 = 26.25. பின் சில்லின் கீழ் திருப்பம் 26.25 × 5.25 = 137.8 கிலோநியூட்டன் மீட்டர். நீங்கள் சொன்னபடி சில்லை நடுவில் வைத்தால் 135 தான். வித்தியாசம் சிறிது, ஆனால் பாதுகாப்பற்ற பக்கம் சாய்கிறது.

சரி, இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பாலத்துக்கும் போடாதீர்கள். மலைநாட்டு ஓடைகளில் 8 மீட்டர் பாலங்களும் உண்டு. அங்கே இதே விதி 79.2 தரும், முன் சில்லும் பாலத்துக்குள்தான் இருக்கும். ஆனால் லொறி இன்னும் கொஞ்சம் முன்னேறி முன் சில்லு வெளியேறியதும், பின் சில்லு மட்டும் நடுவில் நின்று 40 × 8 / 4 = 80 தருகிறது. குறுகிய பாலத்தில் கனமான சில்லைத் தனியாகவும் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.