குடோனை விற்று அதையே குத்தகைக்கு எடுத்தால் லாபம் எவ்வளவு?

கேள்வி: மாதவரத்தில் எங்கள் கம்பெனியின் குடோனை 10 கோடி ரூபாய்க்கு விற்கிறோம். சந்தை மதிப்பும் அதுதான். புத்தக மதிப்பு 6 கோடி. அதே குடோனை 5 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுக்கிறோம். வாடகை ஆண்டு முடிவில் 1 கோடி. லாபம் 4 கோடியையும் இந்த ஆண்டே காட்டலாமா? நாங்கள் இன்ட் ஏஎஸ் முறையில் கணக்கு வைக்கிறோம்.

பதில்: முடியாது, ஏறக்குறைய 2.48 கோடிதான் காட்டலாம். அந்த 5 ஆண்டு பயன்பாட்டை நீங்கள் விற்கவில்லை, கையில் வைத்துக்கொண்டீர்கள். விற்காத பங்குக்கு லாபம் கிடையாது என்பதே இன்ட் ஏஎஸ் 116 சொல்வது.

முதலில் குத்தகைக் கடனைக் கணக்கிடுங்கள். இதே காலத்துக்கு, இதே மாதிரி ஈட்டின் மேல் உங்களுக்குக் கடன் கிடைக்கும் வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வாடகைகளின் இன்றைய மதிப்பு 379.08 லட்சம். வாடகையோடு கட்டும் ஜிஎஸ்டியை இதில் சேர்க்கக் கூடாது.

சந்தை மதிப்பான 1,000 லட்சத்தில் இது 37.908%. அதாவது குடோனின் அத்தனை பங்கு உங்களிடமே நிற்கிறது. ஆகவே பயன்பாட்டு உரிமைச் சொத்தின் மதிப்பு, பழைய 600 லட்சத்தில் 37.908%, அதாவது 227.45 லட்சம். மீதி 62.092% வாங்கியவரிடம் போனது; 400 லட்ச லாபத்தில் அந்தப் பங்கு 248.37 லட்சம்.

பதிவில் வங்கி 1,000, உரிமைச் சொத்து 227.45 பற்று. குடோன் 600, குத்தகைக் கடன் 379.08, லாபம் 248.37 வரவு. இரு பக்கமும் 1,227.45.

பலர் சறுக்குவது இங்கேதான். சாதாரணக் குத்தகை போல உரிமைச் சொத்தையும் 379.08 என்றே எழுதிவிடுவார்கள். அப்போது லாபம் 400 ஆகிவிடும், ஆனாலும் இரு பக்கமும் சரியாகவே நிற்கும். தணிக்கையில்தான் மாட்டும். சொத்தும் கடனும் முதல் நாளில் ஒரே தொகையாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

முதல் ஆண்டு முடிவில் வட்டி 37.91 லட்சம். கட்டும் 100 லட்சத்தில் மீதி 62.09 அசலுக்குப் போக, கடன் 316.99 ஆகும். தேய்மானம் ஆண்டுக்கு 45.49 லட்சம்.

விலை சந்தை மதிப்பைத் தாண்டினால் கணக்கு மாறும். 11 கோடிக்கு விற்றால், கூடுதல் 1 கோடி லாபமல்ல. வாங்கியவர் கொடுத்த கடன். வாடகைக்குள்ளேயே அதன் தவணையும் ஒளிந்திருக்கிறது. அதனால் 379.08-ல் 100 லட்சத்தை நிதிக் கடனாகத் தனியே எழுதி, மீதி 279.08-ஐ வைத்து உரிமைச் சொத்தையும் லாபத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். மாதவரம், மணலி பக்கம் அரசு வழிகாட்டி மதிப்பைச் சந்தை மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். குடோனைத் திரும்ப வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற ஷரத்து இருந்தால், இது விற்பனையே ஆகாது. பத்திரம் பதிவாகியிருந்தாலும் குடோன் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும், 10 கோடியும் கடனாக நிற்கும், லாபம் பூஜ்யம்.