பிளாண்ட் விசிட்டும் பக்கத்து சீட்டும்

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் மெஷின் ஷாப்பில் எஞ்சினியராக இருக்கிறேன். தொழில் சங்கங்கள் ஏற்பாடு செய்யும் பிளாண்ட் விசிட்டுக்கு அவ்வப்போது அனுப்புகிறார்கள். சப்ளையர் ஃபவுண்டரிகளுக்கும் நானே போய் வருகிறேன். விசிட்டிங் கார்டு ஒரு டப்பா நிறைய சேர்ந்துவிட்டது, ஆனால் அதில் ஒருவரோடும் இன்று பேச்சு இல்லை. இன்னும் சில வருடங்களில் யாருடனாவது சேர்ந்து சொந்தமாக மெஷினிங் பட்டறை போடும் எண்ணம் உண்டு. இந்த விசிட்களில் அப்படிப்பட்ட ஆளைப் பிடிக்க முடியுமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

முடியும். ஆனால் ஆளைத் தேடிப் போனால் கிடைக்கமாட்டார், கையில் ஒரு கோளாறோடு போனால் கிடைப்பார். உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர், உங்களைப் போலவே மெஷின் ஷாப்காரர். அவருக்கு ஒரு பம்ப் கேசிங், கிரே அயர்ன் காஸ்டிங், மெஷினிங் எல்லாம் முடிந்து பிரஷர் டெஸ்டில் ஏற்றினால் ஒழுகும். வருடம் முழுக்க கொஞ்சம் ஒழுகும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதிகமாக ஒழுகும். ஃபவுண்டரியில் கேட்டால் நீங்கள் அதிகமாக வெட்டிவிட்டீர்கள் என்பார்கள், இவர் உங்கள் மணல் சரியில்லை என்பார், கடைசியில் ஒரு டெபிட் நோட் போகும், விஷயம் அதோடு முடியும். இவர் ஒழுகிய காஸ்டிங் சிலவற்றை அறுத்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் ஓட்டையின் உட்சுவர் வழவழவென்று உருண்டையாக இருந்தது. அது காற்று அடைத்த ஓட்டை, பிளோ ஹோல் என்பார்கள். சிலவற்றில், தடிமனும் மெல்லிசும் சேரும் இடத்தில், சுவர் சொரசொரப்பாகக் கிழிந்தமாதிரி இருந்தது. அது இரும்பு உறையும்போது சுருங்கியதால் வருவது, அதற்கு வைத்தியம் வேறு. இந்த இரண்டையும் பிரிக்காமல் 'லீக்கேஜ்' என்று ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருந்ததால்தான் இரண்டு தரப்பும் வருடக்கணக்கில் சண்டை போட்டது.

அறுத்த துண்டுகளை எடுத்துக்கொண்டு சப்ளையரிடம் போனார். இதை நீங்களும் செய்யுங்கள். பல ஃபவுண்டரிகளில் தங்கள் காஸ்டிங் மெஷினிங்குக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று வேலை செய்கிறவர்கள் பார்ப்பதே இல்லை, அவர்கள் கண்ணுக்கு வருவது டெபிட் நோட் மட்டும். கான்ஃபரன்ஸ் ரூமில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல் கோர் ஷாப் சூப்பர்வைசரிடம் துண்டைக் கொடுத்தால் அவர் பேச ஆரம்பிப்பார். ஓரளவுக்குத்தான் பேசுவார், அதையும் சொல்லவேண்டும். நீங்கள் வாங்குகிறவர், அவர் வாயிலிருந்து வருவது நாளைக்கு அவர் முதலாளிக்கு எதிராகத் திரும்பலாம் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருக்கும். இது ஆடிட் இல்லை என்று நீங்கள் முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

சங்கம் நடத்தும் விசிட்டில் அந்தப் பயம் இல்லை. கொடிசியாவோ, சிஐஐயோ, ஃபவுண்டரிக்காரர்களின் சங்கத்தின் கோவைக் கிளையோ, யார் கூட்டிப்போனாலும் அங்கே நீங்கள் யாருக்கும் வாடிக்கையாளர் இல்லை. இன்னொன்றும் உண்டு. காட்டுகிற கம்பெனி பெரும்பாலும் வருகிறவர்கள் பட்டியலை முன்னாலேயே கேட்டு வாங்கி, தன் பொருளையே செய்யும் போட்டியாளர்களின் பெயரை அடித்துவிடும். அதனால் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவர் அநேகமாக உங்களைப் போலவே இரும்பை உருக்குகிறவராகவோ வெட்டுகிறவராகவோ இருப்பார், ஆனால் வேறு பொருள் செய்கிறவராக இருப்பார். அதைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். உங்கள் சிக்கல் அவருக்குப் புரியும், அதைச் சொல்வதில் அவருக்கு நஷ்டமும் இல்லை. ஆலைக்குள் இரைச்சலில் ஒன்றும் கேட்காது, வழிகாட்டி மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டு வேகமாகப் போவார். பேச்சு நடப்பது பஸ்ஸிலும் சாப்பாட்டு வரிசையிலும்தான். தெரிந்த ஆபீஸ்காரரோடு சேர்ந்து உட்கார்ந்தால் அதுவும் போச்சு.

அப்படி ஒரு விசிட்டில் நம்மவர் பக்கத்து சீட்டில் இருந்தவர் கம்ப்ரஸர் பாகங்கள் வார்க்கும் ஃபவுண்டரிக்காரர். இவர் கேட்டது ஒரே கேள்வி: "மழைக்காலத்தில் கோர்களை எப்படி வைக்கிறீர்கள்?" அவர் சொன்னது, ரேக்கில் தேதியும் ஷிஃப்டும் சாக்பீஸால் எழுதுவோம், ஒரு நாள் தாண்டினால் திரும்ப அடுப்பில் போட்டுக் காயவைத்துத்தான் மோல்டில் வைப்போம், ஷட்டர் பக்கத்தில் ரேக்கே வைக்கமாட்டோம். காரணம் எளிது. கோர் என்பது காஸ்டிங்கின் உள்ளே வெற்றிடம் வருவதற்காக மோல்டில் வைக்கும் அச்சு, மணலும் ரெசினும் சேர்ந்தது. மேலே பூசும் பூச்சு தண்ணீரில் கரைத்ததாக இருந்தால் அது சரியாகக் காயவேண்டும், காய்ந்த பிறகும் ஈரக்காற்றில் கிடந்தால் கோர் ஈரத்தை இழுக்கும். அதன்மேல் 1,350 டிகிரிக்கு மேலே இருக்கும் இரும்பு விழும்போது ரெசின் எரிந்து வருகிற புகையோடு நீராவியும் சேர்கிறது. கோரில் விட்டிருக்கும் துளை வழியாக அவ்வளவும் வெளியே போகமுடியாமல் இரும்புக்குள் புகுந்துவிடுகிறது. நம்மவர் தன் சப்ளையரிடம் போய்ப் பார்த்தால், கோர்கள் தேதி இல்லாமல் ஷட்டர் ஓரம் நாள்கணக்கில் கிடந்தன. மாற்றிய பிறகு அந்த வழவழ ஓட்டைகள் நன்றாகக் குறைந்தன. சொரசொர ஓட்டைகள் அப்படியே இருந்தன, அவற்றுக்கு, சுருங்கும் இடத்துக்கு உருகிய இரும்பை ஊட்டும் ஃபீடரை மாற்றவேண்டி வந்தது.

முக்கியமானது இதற்குப் பிறகுதான். அவர் பக்கத்து சீட்காரருக்கு வெட்டிய துண்டின் படத்தையும், என்ன மாற்றினோம், எவ்வளவு குறைந்தது என்பதையும் அனுப்பினார். சொன்ன யோசனைக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. பல மாதம் கழித்து அவரே போன் செய்து, மெல்லிய சுவர் உள்ள பாகத்தில் போரிங் செய்யும்போது அதிர்வு விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அப்புறம் அவர்கள் மெஷின்கள் நிறைந்துபோன ஒரு மாதத்தில் மிச்ச வேலை இவர் கம்பெனிக்கு வந்தது. உங்கள் டப்பாவில் உள்ள கார்டுகளுக்கு இது நடக்காததற்குக் காரணம், அவர்களிடம் நீங்கள் எதுவும் கேட்கவில்லை, எதுவும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

பார்ட்னர் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் தன் ஷாப்பைச் சுற்றிக்காட்டும்போது, உங்களை மகிழ்விக்க இன்னொரு கம்பெனியின் டிராயிங்கை விரித்துக் காட்டினால், நாளை உங்களுடையதையும் காட்டுவார். அவரை விட்டுவிடுங்கள். ரிஜெக்ஷன் பெட்டியைப் பாருங்கள், ஒவ்வொரு துண்டிலும் காரணம் எழுதிய டேக் இருக்கிறதா என்று. பெட்டி காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், விருந்தாளி வருகிறார் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்கவேண்டும். எந்த சப்ளையரின் காஸ்டிங்கை நீங்கள் பாஸ் செய்கிறீர்களோ அவரிடம் உங்கள் சொந்தப் பட்டறை பற்றி இப்போது பேசாதீர்கள். சங்க விசிட்டில் அதே தொழில்காரர்களோடு விலைப் பேச்சும் வேண்டாம். மெஷின் மணி ரேட்டை எப்படிக் கணக்கிடுவது என்று பேசலாம். எல்லோரும் இதற்குக் கீழே வாங்கவேண்டாம் என்று முடிவு செய்தால், அது சாப்பாட்டு வரிசையில் பேசியதாக இருந்தாலும், 2002-ம் வருடத்து போட்டிச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் வந்துவிடும்.

நீங்கள் வேலையை விட்டு வெளியே வந்த பிறகு, யாரையாவது தேர்ந்தெடுத்தால், கம்பெனி பதிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு பாகத்தை ஒரு சின்ன லாட் சேர்ந்து செய்து பாருங்கள். அவர் ஃபவுண்டரிக்காரராக இருந்தால் முதலிலேயே இதைக் கேளுங்கள்: முழு மெஷினிங்கும் முடிந்த பிறகு உள்ளே பிளோ ஹோல் தெரிந்தால், நீங்கள் வேறு காஸ்டிங் கொடுப்பீர்கள், ஆனால் என் மெஷின் ஓடிய நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? வழக்கத்தில் யாரும் கொடுப்பதில்லை, ஜாப் ஒர்க் செய்கிறவர்தான் தாங்கிக்கொள்கிறார். "பாதிப் பாதி", "முதல் இத்தனை துண்டுவரை உங்களுடையது, அதற்கு மேல் என்னுடையது", எதுவானாலும் சரி, அவர் ஒரு கணக்கு சொல்லி அதைப் பேப்பரில் எழுதச் சம்மதித்தால் மேலே பேசுங்கள். "நமக்குள்ளே என்ன தம்பி, பார்த்துக்கலாம்" என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.