நிழலிட்ட பகுதியில் சிறந்த முனை எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நேரியல் திட்டமிடலை வரைபட முறையில் தீர்ப்பது பற்றி வந்த கடிதங்களுள் பெரும்பாலானவற்றுடன் கைபேசியில் எடுத்த வரைபடப் புகைப்படமும் இருந்தது. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

குளச்சல் வாசகர்: புகைப்படம் அனுப்பியுள்ளேன். நிழலிட்ட பகுதியில் சிறந்த முனை எது?

குறிக்கோள் சார்பை நீங்கள் எழுதவே இல்லை. எதைப் பெருமமாக்க வேண்டும் அல்லது சிறுமமாக்க வேண்டும் என்று தெரியாத வரை எந்த முனையும் மற்றொன்றைவிடச் சிறந்ததாகாது. கணக்கை முழுமையாக எழுதி மீண்டும் அனுப்புங்கள்.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: நண்பர் அனுப்பிய படத்தில் நிழலிட்ட பகுதிதான் ஏற்புடைய பகுதியா, அல்லது விலக்கப்பட்ட பகுதியா? இரண்டு விதமாகவும் வரைகிறார்களே?

ஆம், இரண்டு வழக்கமும் உண்டு. நிழலுக்குள் தெளிவாக விழும் ஒரு புள்ளியை எடுத்து, எல்லாக் கட்டுப்பாடுகளிலும் பொருத்திப் பாருங்கள். அது எல்லாவற்றையும் நிறைவு செய்தால் நிழலே ஏற்புடைய பகுதி. ஒன்றே ஒன்றை மீறினாலும் வரைந்தவர் வேண்டாத பக்கத்தை நிழலிட்டிருக்கிறார், அல்லது தவறாக வரைந்திருக்கிறார் என்று பொருள். ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாத கோடுகளுக்கு (0, 0) போதும். ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் கோட்டுக்கு வேறொரு புள்ளியை எடுக்க வேண்டும்.

தக்கலை வாசகர்: எங்கள் வீட்டில் ஏத்தங்காய் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் போட்டு விற்கிறோம். ஒரு ஈடு சிப்ஸுக்கு அடுப்பு நேரம் 2 மணி, கைவேலை 1 மணி. ஒரு ஈடு வரட்டிக்கு அடுப்பு 1 மணி, கைவேலை 3 மணி. வாரத்துக்கு அடுப்பு 20 மணியும் கைவேலை 27 மணியும் கிடைக்கும். ஈட்டுக்கு இலாபம் முறையே 600 ரூபாய், 500 ரூபாய். படத்தில் முனை (7, 7) என்று தெரிகிறது. இலாபம் 7,700 ரூபாய் என எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. 7 ஈடு சிப்ஸும் 7 ஈடு வரட்டியும் போட அடுப்பு 21 மணி நேரம் எரிய வேண்டும், கைவேலைக்கு 28 மணி வேண்டும்; உங்களிடம் இரண்டுமே அவ்வளவு இல்லை. நீங்கள் கண்டதாகச் சொல்லும் முனை ஏற்புடைய பகுதிக்கு வெளியே இருக்கிறது. கட்டுப்பாடுகளில் பொருத்திப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் இது தெரிந்திருக்கும்.

இந்தத் தவறு ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்திலும் வருவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். புகைப்படத்தைச் சாய்வாக எடுக்கும்போது கைபேசிக்கு அருகிலுள்ள கட்டங்கள் பெரிதாகவும் தொலைவிலுள்ளவை சிறிதாகவும் விழுகின்றன. ஆகவே படத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. நோட்டின் தாள் முதுகுப் பக்கம் வளைந்திருந்தால் பிழை இன்னும் கூடும். ஆனால் தட்டையான தாளைச் சாய்வாக எடுத்தாலும் நேர்கோடு நேர்கோடாகவே விழும், எந்த இரு கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்னும் அமைப்பும் மாறாது. எனவே ஒரு முனையை எந்த இரு கோடுகள் உண்டாக்குகின்றன என்பதை மட்டும் படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த முனையின் ஆயத்தொலைவுகளைச் சமன்பாடுகளைத் தீர்த்தே காண வேண்டும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சிப்ஸ் x ஈடு, வரட்டி y ஈடு என்றால் கணக்கு இவ்வாறு அமையும்:

```
Z = 600x + 500y  (பெருமம்)
2x + y  ≤ 20
x + 3y ≤ 27
x, y ≥ 0
```

அடுப்புக் கோடு (10, 0), (0, 20) வழியாகவும் கைவேலைக் கோடு (27, 0), (0, 9) வழியாகவும் செல்ல வேண்டும். படத்தில் கோடுகள் அச்சுகளை இந்த இடங்களில் வெட்டுகின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். நீங்கள் (7, 7) என்று படித்த முனை இவ்விரு கோடுகளும் வெட்டும் இடம். இரண்டாம் சமன்பாட்டிலிருந்து x = 27 − 3y எனப் பெற்று, முதலாவதில் இட்டால் 54 − 5y = 20; ஆகவே y = 6.8, x = 6.6. அங்கே இலாபம் 3,960 + 3,400 = 7,360 ரூபாய். மற்ற முனைகளான (10, 0) இல் 6,000, (0, 9) இல் 4,500, ஆதியில் சுழி. எனவே சிறந்த முனை (6.6, 6.8).

(0, 20) என்ற புள்ளியையும் பட்டியலில் சேர்த்து, 10,000 ரூபாய் வருகிறதே என்று இதே போன்ற கணக்கில் வேறு இருவர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புள்ளியில் கைவேலை 60 மணி வேண்டும். கோடு அச்சை வெட்டும் இடமெல்லாம் முனையாகாது. ஏற்புடைய பகுதியின் எல்லையில் இருப்பது மட்டுமே முனை. ஆகவே மீண்டும் சொல்கிறேன்: எந்தப் புள்ளி கிடைத்தாலும் எல்லாக் கட்டுப்பாடுகளிலும் பொருத்திப் பார்த்த பிறகே Z-ஐக் கணக்கிடுங்கள்.

அதே வாசகர்: ஈட்டைப் பாதியில் நிறுத்த முடியாதே, முழு எண்ணாக வேண்டுமென்றால்?

இது நல்ல கேள்வி. இரண்டையும் கீழ்நோக்கி முழுமையாக்கினால் (6, 6), இலாபம் 6,600. மேல்நோக்கி முழுமையாக்கினால் மேலே கண்ட (7, 7), அது நடவாது. சுற்றியுள்ள மற்ற முழு எண் புள்ளிகளையும் பார்க்க வேண்டும். (6, 7) இல் அடுப்பு 19, கைவேலை 27, இலாபம் 7,100. (7, 6) இல் அடுப்பு 20, கைவேலை 25, இலாபம் 7,200. வேறு எந்த முழு எண் புள்ளியும் இதை மிஞ்சவில்லை. எனவே 7 ஈடு சிப்ஸும் 6 ஈடு வரட்டியும் போடுங்கள். கைவேலையில் 2 மணி மிஞ்சும். இவ்வளவு சிறிய கணக்கில் சுற்றிப் பார்த்தால் போதும். பெரிய கணக்குகளில் சிறந்த முழு எண் விடை முனைக்கு அருகில்தான் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

குழித்துறை ஆசிரியர்: இரண்டு முனைகளில் ஒரே Z மதிப்பு வந்தால் மாணவர்கள் கணக்கு தவறு என்று அழித்துவிடுகிறார்கள். எப்படி விளக்குவது?

மேற்கண்ட கணக்கையே காட்டலாம். சிப்ஸ் இலாபம் 1,000 ரூபாயாக உயர்ந்தால் Z = 1000x + 500y ஆகிறது; இது அடுப்புக் கோட்டுக்கு இணையான கோடுகளைத் தரும். அப்போது (10, 0), (6.6, 6.8) ஆகிய இரண்டிலும் 10,000 ரூபாயே வரும், இவற்றை இணைக்கும் பக்கத்தின் மீதுள்ள எல்லாப் புள்ளிகளிலும் அதுவே வரும். (9, 2), (8, 4), (7, 6) ஆகியவற்றை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். அழிக்க வேண்டிய விடை எதுவும் இல்லை.

பூதப்பாண்டி வாசகர்: வாழைத்தோட்ட உரக் கணக்கில் Z = 20x + 30y சிறுமம்; x + y ≥ 10, x + 3y ≥ 18, x, y ≥ 0. நிழல் படத்தின் மேல் விளிம்பு வரை செல்கிறது. வலது மேல் மூலையையும் முனையாகக் கொள்ளலாமா?

கூடாது. புகைப்படத்தின் விளிம்பு உங்கள் கணக்கின் கட்டுப்பாடு அல்ல. தாள் முடிந்த இடத்தில் பகுதி முடியவில்லை, அது எல்லையின்றி மேலும் வலமும் விரிகிறது. உண்மையான முனைகள் மூன்றே: (0, 10) இல் 300, (6, 4) இல் 240, (18, 0) இல் 360. விடை (6, 4). குறிக்கோளின் கெழுக்கள் இரண்டும் மிகையாக இருப்பதால் வெளியே போகப் போகச் செலவு கூடுமே தவிரக் குறையாது; ஆகவே சிறுமம் உண்டு. இதே பகுதியில் பெருமம் கேட்டிருந்தால் விடை இல்லை என்றுதான் எழுத வேண்டும். (6, 4) ஐயும் கட்டுப்பாடுகளில் பொருத்திப் பாருங்கள்: 10, 18, இரண்டும் சரியாக விளிம்பில் நிற்கின்றன.

மார்த்தாண்டம் வாசகர்: மிக்சரையும் சேர்த்து மூன்று பொருள்களுக்கு இதே போல வரையலாமா?

வரைபடத் தாளில் இயலாது. ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவும் முனையிலிருந்து முனைக்குத்தான் நகர்கிறது.